தெரிந்தும் ஏன் செய்கிறான்? பதின்பருவ மனமும் ஏற்காட்டு மலைப்பாதையும்

சேலம் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்துவிட்டால் ஏற்காட்டுப் பாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவில் பேருந்து திரும்பினால் பாதையின் முழு அகலமும் அதற்கே போய்விடும். காலை நேரத்தில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வரும் வண்டி அருகில் வந்த பிறகுதான் தெரியும். சேர்வராயன் மலையடிவாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. விடுமுறை நாளில் பைக்குகளில் கூட்டமாக மலையேறும் பையன்களைப் பார்த்து, "இவனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லையா?" என்று நாம் எல்லோருமே ஒருமுறையாவது கேட்டிருப்போம்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், அந்தப் பையனுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் செய்கிறான் என்பதுதான் பெற்றோரான நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம். அது விளங்கினால், வீட்டில் காரணமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் மகளின் கோபமும், "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்க" என்று மகன் பிடிக்கும் அடமும் ஓரளவு விளங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 16, பதினோராம் வகுப்பு. தொழுகையாளி, படிப்பிலும் மோசமில்லை. வியாழக்கிழமை இரவு சாப்பிடும்போது அத்தா அவனிடம் பேசுகிறார். வளைவில் முந்தலாமா என்று கேட்கிறார். "கூடாது அத்தா, எதிர்ல வர்ற வண்டி தெரியாது" என்கிறான். மலைப்பாதையில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கேட்கிறார். "மேலே ஏறுற வண்டிக்கு" என்கிறான். எல்லா பதிலும் சரி. அத்தாவுக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு நண்பர்கள் ஐந்து பேர் மூன்று பைக்குகளில் கிளம்புகிறார்கள். அத்தாவின் பைக்கை இவன் ஓட்டுகிறான், பின்னால் ஒரு நண்பன். ஏதோ ஒரு வளைவுக்கு முன்னால் ஒரு பேருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது. முன்னால் போன இரண்டு பைக்குகளும் பேருந்தை முந்திவிட்டன. மேலே நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் இருப்பவன், "போடா மச்சி, எடம் இருக்கு" என்கிறான்.

வியாழக்கிழமை சொன்ன பதிலை அவன் மறந்துவிடவில்லை. தனியாக வந்திருந்தால் அவன் பேருந்துக்குப் பின்னாலேயே பொறுமையாகப் போயிருக்கக்கூடும். வியாழக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில் மாறியது அவனுடைய அறிவு அல்ல. அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் மாறியிருக்கின்றன.

யோசனை ஒரு வயதில், நிதானம் வேறொரு வயதில்

2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இந்தியா, ஜோர்டான், கென்யா, பிலிப்பைன்ஸ், சுவீடன், அமெரிக்கா உள்ளிட்ட 11 நாடுகளில் 10 வயது முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு விதமான திறன்களைச் சோதித்தார்கள். ஒன்று, அவசரமில்லாத நேரத்தில் நினைவில் வைத்து, ஒப்பிட்டு, யோசிக்கும் திறன். மற்றொன்று, ஆசை இழுக்கும்போது தன்னைப் பிடித்து நிறுத்தும் நிதானம். முதல் திறன் சுமார் 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிட்டது. இரண்டாவது திறன் 18 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருந்தது.

அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் பெரிய மனிதரைப் போலப் பேசுகிற பிள்ளை, நண்பர்கள் நடுவில் சின்னப் பிள்ளையாகிவிடுகிறான். அத்தாவிடம் பேசும்போது அவன் நடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவனிடம் முழுமையாக வளர்ந்த திறன் வேலை செய்கிறது. வளைவில் தேவைப்படுவதோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் திறன்.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பருவமடையும் காலத்தில், இன்பத்தையும் பாராட்டையும் தேடிப் போகத் தூண்டும் பகுதிகள் வேகம் எடுக்கின்றன. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால், "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் பகுதி, அதோடு சேர்ந்து வேலை செய்யும் இணைப்புகளை இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை பலப்படுத்திக்கொண்டிருக்கிறது. முதலாவது முந்திக்கொள்கிறது, இரண்டாவது பின்னால் வருகிறது. இந்த இடைவெளிதான் பதின்பருவம்.

பருவமடைவதும் பக்குவமடைவதும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆவது வசனம் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. அவர்கள் திருமண வயதை அடையும் வரை சோதித்துப் பாருங்கள், பிறகு அவர்களிடம் பகுத்தறியும் பக்குவத்தைக் கண்டால் சொத்தை ஒப்படையுங்கள் என்பது அதன் கருத்து. முதலாவது புலூக், இரண்டாவது ருஷ்து. புலூக் வந்ததும் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. சொத்தைக் கையில் கொடுப்பதற்கு மட்டும் ருஷ்தையும் பார்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. பைக் சாவியும் ஒரு வகையில் அப்படிப்பட்ட பொறுப்புதான்.

நண்பர்கள் பார்க்கும்போது என்ன நடக்கிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். 306 பேர் அதில் பங்கேற்றார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை ஒரு பிரிவு, 24 வயதும் அதற்கு மேலும் ஒரு பிரிவு. கணினித் திரையில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மஞ்சளாகிறது. இன்னும் கொஞ்சம் முன்னேறினால் அதிகப் புள்ளிகள் கிடைக்கும், தாமதித்து நிறுத்தினால் மோதல். சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் தங்கள் வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் இருக்க விளையாடினார்கள்.

24 வயதைத் தாண்டியவர்களுக்கு நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளோ நண்பர்கள் இருக்கும்போது கணிசமாக அதிக ஆபத்தை ஏற்றார்கள். நடுப்பிரிவினர் இரண்டுக்கும் இடையில் இருந்தார்கள்.

2011இல் இதே குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். விளையாடுபவரை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, நண்பர்களை வேறு அறையில் உட்கார வைத்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அப்போதும் பதின்பருவத்தினர் அதிக ஆபத்தை ஏற்றார்கள். பாராட்டைத் தேடும் மூளைப்பகுதி அவர்களிடம் மட்டும் கூடுதலாக இயங்கியது. தடுத்து நிறுத்தும் பகுதியைப் பொறுத்தவரை, அவர்கள் தனியாக இருந்தாலும் நண்பர்கள் பார்த்தாலும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

இந்த நுணுக்கம் நமக்கு முக்கியம். நண்பன் பார்க்கும்போது பிள்ளைக்கு ஆபத்து தெரியாமல் போய்விடுவதில்லை. பரிசுதான் பெரிதாகத் தெரிகிறது. மேலே நிற்கும் நண்பர்களின் "சூப்பர்டா" என்ற ஒரு சொல், அந்த நொடியில் நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு கனமானது. அதனால் ஆபத்தை மறுபடி மறுபடி விளக்குவதால் மட்டும் பயன் குறைவு. நாம் தராசின் ஒரு தட்டில் எடை வைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் சாய்வது மறு தட்டில்.

"இதெல்லாம் விளையாட்டுத்தானே, உண்மைச் சாலையிலும் அப்படித்தானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வகத்தின் முடிவை அப்படியே சாலைக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் அமெரிக்காவின் விபத்துப் பதிவுகளை வைத்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 16, 17 வயது ஓட்டுநர்கள் உயிரிழக்கும் ஆபத்து, வண்டியில் ஏறிய பயணிகளின் எண்ணிக்கை கூடக்கூட உயர்வது தெரிந்தது. அதனால்தான் பல நாடுகளில் புதிதாக உரிமம் பெறும் இளைஞர்கள் நண்பர்களை ஏற்றிச் செல்லத் தடையோ எண்ணிக்கை வரம்போ இருக்கிறது.

இந்த நிலை எப்போது மாறும் என்பதும் ஓரளவு தெரியும். நண்பர்களின் இழுப்பை எதிர்த்து நிற்கும் திறனை 2007இல் ஸ்டைன்பெர்க்கும் மோனகனும் ஆராய்ந்தார்கள். 10 வயது முதல் 14 வயது வரை அந்தத் திறன் பெரிதாக வளரவில்லை. 14 முதல் 18 வரை படிப்படியாக ஏறியது. அதற்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் உச்சத்தில் இருக்கும் நண்பர் மோகம், பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற நேரத்தில் தணிவதை நாம் வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கூட்டாளிதான் என் பிள்ளையைக் கெடுத்தான்" என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மை. பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களையே நண்பர்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு ஒருவரை ஒருவர் மேலும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். இரண்டும் நடக்கின்றன. அந்த வீட்டு அத்தாவும் நம் பிள்ளையைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். இதே இழுப்பு நல்ல பக்கமும் வேலை செய்யும். தனியாக எழுப்பினால் எழாத பையன், நண்பர்கள் பள்ளிவாசலில் கூடுகிறார்கள் என்றால் தராவீஹுக்கு முதல் ஆளாக நிற்பான்.

காலையில் சிரிப்பு, மாலையில் சாத்திய கதவு

இப்போது மகளிடம் வருவோம். பள்ளியிலிருந்து சிரித்துக்கொண்டே வருகிறாள். மக்ரிபுக்குள் முகம் மாறிவிடுகிறது. என்ன ஆச்சு என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்கம்மா." இரவு ஏழரை மணிக்கு மறுபடி சிரிப்பு.

சிகாகோ அருகே ஆய்வாளர்கள் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும், பள்ளி மாணவர்களிடம் பேஜர் கருவிகளைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மனநிலையை எழுதச் சொன்னார்கள். பெரியவர்களோடு ஒப்பிட்டபோது, பதின்பருவத்தினரின் மகிழ்ச்சியும் சோகமும் அதிக உயரமும் அதிக ஆழமும் கொண்டிருந்தன, ஆனால் விரைவில் கடந்தும் போயின. மாலையில் "என் வாழ்க்கையே போச்சு" என்பது பொய்யல்ல. அந்த நேரத்தில் அவளுக்கு அது உண்மை. இரவு சிரிப்பதும் உண்மை.

நெதர்லாந்தில் 474 பிள்ளைகளை 13 வயது முதல் 18 வயது வரை தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சந்தோஷம், கோபம், சோகம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. பதற்றம் மட்டும் அப்படி நேராகக் குறையவில்லை. பதின்பருவத்தின் இறுதியில், படிப்பும் எதிர்காலமும் முன்னால் நிற்கும் வயதில், அது மறுபடி கூடியது.

"எல்லாம் ஹார்மோன்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஆனால் நம்மால் மாற்ற முடிந்த ஒரு காரணம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது தூக்கம். பருவமடையும்போது உடலின் கடிகாரமே தாமதமாகிறது. தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு முன்பைவிடப் பிந்தித் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்குப் பதினொரு மணி வரை தூக்கம் வராதது திமிரல்ல. கையில் போன் இருந்தால் பதினொன்று ஒன்றாகிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு 12 மணிக்குப் படுத்து ஃபஜ்ருக்கு எழுந்து, பிறகு டியூஷனுக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான். தூக்கம் கெட்டால் முதலில் கெடுவது மனநிலை.

ஃபஜ்ரை விடுவது இதற்குத் தீர்வல்ல. இரவை முன்னே இழுப்பதுதான் தீர்வு. இஷாவுக்குப் பிறகு வீட்டின் எல்லா போன்களும் ஒரே இடத்தில், அத்தாவின் போனும் சேர்த்து, இருக்கட்டும். படுக்கையறை விளக்கைக் குறையுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள், காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னே தள்ளும். விடுமுறை நாளில் நண்பகலில் அரை மணி நேரம் கைலூலா போடலாம். மாலையில் மூன்று மணி நேரம் தூங்கவிட்டால் அன்றிரவும் கெடும்.

கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் விசாரணை வேண்டாம். அந்த நேரத்தில் யோசிக்கும் திறன் பின்னால் போயிருக்கும். தேநீரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அலை இறங்கிய பிறகு, பாத்திரம் கழுவும்போதோ வண்டியில் போகும்போதோ, நேருக்கு நேர் முகம் பார்க்காத நேரத்தில் அவர்களாகவே பேசத் தொடங்குவார்கள்.

"நான் யார்?" என்ற கேள்வி

ஏற்காடு விடுதிப் பள்ளிகளின் ஊரும்கூட. 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி உட்பட இங்குள்ள பள்ளிகளுக்குப் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு வீடு தூரம், நண்பர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்தில். வீட்டில் யாரும் கேட்காத கேள்விகளை அங்கே கேட்பார்கள். "நீங்க ஏன் முப்பது நாள் நோன்பு வைக்கிறீங்க?" "உன் பேருக்கு என்ன அர்த்தம்?" நம் பிள்ளை பதிலைத் தேடுகிறான். விடுமுறைக்கு வரும்போது அதே கேள்வியை நம்மிடம் கேட்கிறான். நாம் பதறிவிடுகிறோம்.

பதின்பருவத்தின் மையப் பணியே தன் அடையாளத்தை உருவாக்குவது என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். ஜேம்ஸ் மார்சியா என்பவர் 1966இல் அதை இன்னும் தெளிவாக்கினார். தொழில், மதம், அரசியல் பற்றி இளைஞர்களிடம் விரிவாகப் பேசி, இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்தார். இவர் தானாகத் தேடிப் பார்த்தாரா? ஒன்றில் உறுதியாக நின்றாரா?

தேடாமலும் நிற்காமலும் மிதப்பவர்கள் உண்டு. தேடிக்கொண்டு இன்னும் முடிவுக்கு வராதவர்கள் உண்டு. தேடாமலேயே பெற்றோர் கொடுத்ததில் அப்படியே நிற்பவர்கள் உண்டு. தேடி, கேட்டு, பிறகு தானாக ஏற்று நிற்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு மூன்றாவது வகை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளை தொந்தரவு தருவதில்லை. ஆனால் அது இரவல் உறுதி. சென்னைக்கோ பெங்களூருக்கோ கல்லூரிக்குப் போய், முதல்முறையாக ஒருவர் எதிர்க்கேள்வி கேட்கும்போது, தாங்குவதற்கு அவனுக்குச் சொந்தமாக எதுவும் இருக்காது. நான்காவது வகைக்குப் போகும் வழி இரண்டாவது வகையின் ஊடாகத்தான். அதாவது கேள்விகளின் ஊடாக.

ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரம் செய்ய அனுமதி கேட்ட நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று அவரே சொன்னார். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் அருகில் அழைத்தல், பிறகு கேள்வி, பதிலை அவரே கண்டடைதல், கடைசியில் துஆ. நாமோ பெரும்பாலும் சுற்றியிருந்தவர்கள் செய்ததைத்தான் செய்கிறோம்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் சரியா தெரியல, ஆலிம்கிட்ட சேர்ந்தே கேட்போம்" என்று சொல்வதில் மரியாதை குறையாது. முடி வெட்டு, சட்டை, கேட்கும் நஷீத், கையெழுத்து மாறுவதெல்லாம் அந்தத் தேடலின் மேற்பரப்பு. அவற்றில் ஹலால் எல்லைக்குள் இருப்பதை விட்டுக்கொடுத்தால், முக்கியமானவற்றில் "கூடாது" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குக் கனம் இருக்கும்.

மறுபடி அந்த வளைவுக்கு

அந்த அத்தா வேறு என்ன செய்திருக்கலாம்? அறிவுரையைக் கூட்டுவதைவிட நிலைமையை மாற்றுவது பலன் தரும்.

முதலில் சாவி. கியர் வண்டி ஓட்ட உரிமம் பெற 18 வயது ஆக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199A பிரிவின்படி, சிறார் குற்றம் செய்தால் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தும் உண்டு. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. 16 வயதுப் பிள்ளையிடம் பைக்கைக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போ என்று சொல்வது அறிவுரை அல்ல. பேருந்தில் போகச் சொல்லலாம், நாமே கூட்டிப்போகலாம்.

18 ஆகி உரிமம் வந்த பிறகும் முதல் ஆண்டில் மலைப்பாதைக்கு ஒரு விதி வைக்கலாம். பின்னால் நண்பன் ஏறக்கூடாது, கூட்டமாகப் போகக்கூடாது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பான். "உன் மேல நம்பிக்கை இருக்கு. நாலு பேர் பார்க்கும்போது இந்த வயசுல யாருக்கும் அப்படித்தான் ஆகும்" என்று சொல்லலாம். அது உண்மை, அவமானப்படுத்தாத உண்மை.

இரண்டாவது, கூடவே ஒரு மூத்தவர். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பதின்பருவத்தின் பிற்பகுதியில் இருந்த ஆண்கள் நண்பர்கள் குழுவோடு இருக்கும்போது, அவர்களைவிடச் சற்றே மூத்த ஒருவரைச் சேர்த்தார்கள். நண்பர்களால் கூடிய அவசரம் அடங்கியது. தாத்தா வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் மாமன் மகன் போதும். "உஸாமா (ரலி) அவர்கள் சுமார் 18 வயதில் படைத்தளபதி ஆகவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். ஆனார்கள். அந்தப் படையில் மூத்த நபித்தோழர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்போம். பொறுப்பைக் கொடுப்பதும் தனியே விடுவதும் வேறு வேறு.

மூன்றாவது, தப்பிக்க ஒரு வாசல். நண்பர்கள் முன்னால் "பயமா இருக்கு" என்று சொல்வது இந்த வயதில் மிகக் கடினம். "எங்க அத்தா கொன்னுடுவார்டா" என்று சொல்வது எளிது. அந்தப் பழியை நாம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளலாம். "எங்கே மாட்டிக்கிட்டாலும் எனக்கு போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு எதுவும் கேட்கமாட்டேன், மறுநாள்தான் பேசுவோம்" என்று சொல்லி, அதன்படி நடந்துகொள்ள வேண்டும். முதல்முறை அழைக்கும்போது நாம் கத்திவிட்டால், இரண்டாவது அழைப்பு வராது.

எது சாதாரணமில்லை?

மேலே சொன்னவை சராசரி. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் வளர்கிறது. "இந்த வயசுல இப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாத நிலைகளும் உண்டு. ஏற்ற இறக்கம் இருக்கிறதா, இறக்கம் மட்டுமா என்று பாருங்கள். சாதாரண மனமாற்றத்தில் இடையிடையே சிரிப்பு வரும், பிடித்ததில் ஆர்வம் இருக்கும், நம்மிடம் பேசாவிட்டாலும் நண்பர்களிடம் பேசுவார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோகமோ எரிச்சலோ நீடித்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கி, சாப்பாடும் தூக்கமும் படிப்பும் குலைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, போதைப்பொருள் அறிகுறி தெரிந்தாலோ, செத்துப்போவதைப் பற்றிப் பேசினாலோ இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். செத்துப்போவதைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்பது அவர்களைப் பேச வைக்கும்.

அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஓதிப்பார்ப்பதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. துஆ செய்துகொண்டே சிகிச்சைக்குப் போகலாம்.

ஏற்காட்டுப் பாதையில் இருபதாவது வளைவைத் தாண்டினால் சாலை சமமாகிறது. பிள்ளைகளின் இந்த வயதும் அப்படிக் கடந்துபோகும், இன்ஷா அல்லாஹ். அதுவரை, மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களின் கண்களைப் போலவே, வீட்டில் காத்திருக்கும் நம் கண்களும் அவர்களுக்கு முக்கியமாக இருக்க வேண்டும். அவர்கள் போன் செய்யும்போது நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் அது தொடங்குகிறது.